ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் வித்தியாசம்: ஜிஎஸ்டி நோட்டீஸுக்கு இயக்குநர் எழுத வேண்டிய பதில்

கேள்வி: நானும் தம்பியும் கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் நடத்துகிறோம். நான் இயக்குநர். மாநில வரி அலுவலரிடமிருந்து 29-12-2025 தேதியிட்ட வரி கேட்கும் DRC-01 நோட்டீஸ் வந்திருக்கிறது. 2022-23 நிதியாண்டில் எங்கள் மாதாந்திர ரிட்டர்னான GSTR-3B-யில், கொள்முதலில் கட்டிய வரிக்காக 38,60,000 ரூபாய் இன்புட் வரவு எடுத்திருக்கிறோம், சப்ளையர்கள் காட்டிய பில்களின் தானியங்கிப் பட்டியலான GSTR-2B-யில் 32,20,000 ரூபாய்தான் இருக்கிறது, வித்தியாசமான 6,40,000 ரூபாயை வட்டியோடும் 10 சதவீத அபராதத்தோடும் கட்ட வேண்டும் என்கிறார்கள். பதில் தர 30 நாள் அவகாசம். "எல்லாப் பில்லும் நம்மிடம் இருக்கிறது, தவறு சப்ளையர்களுடையது என்று எழுதிவிடலாம்" என்கிறார் எங்கள் கணக்காளர். தொல்லை வேண்டாம், கட்டிவிடு என்கிறார் ஒரு நண்பர். நான் என்ன எழுத வேண்டும்? நிறுவனத்தால் கட்ட முடியாமல் போனால் என் சொந்த வீட்டுக்கு ஆபத்து உண்டா? நோட்டீஸ், மாதாந்திர ரிட்டர்ன்கள், கொள்முதல் பதிவேடு ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

— ஓர் இயக்குநர், கோவை

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு யோசனைகளையும் ஒதுக்கிவையுங்கள். "எல்லாப் பில்லும் இருக்கிறது" என்று எழுதினால், பில் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே என்று அலுவலர் ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிடுவார். முழுத் தொகையையும் கட்டினாலோ, சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் ஐந்தே முக்கால் லட்சம் ரூபாய் வரவை நீங்களே விட்டுக்கொடுப்பீர்கள். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

நோட்டீஸில் இருப்பது கணினி கழித்துத் தந்த ஒரே ஓர் எண். எந்தப் பில், எந்தச் சப்ளையர், எந்த மாதம் என்று அதில் எதுவும் இல்லை. உங்கள் பதிலின் வேலை அந்த எண்ணைப் பில்வாரியாக உடைத்துக் காட்டுவது. நீங்கள் அனுப்பிய கொள்முதல் பதிவேட்டையும் பன்னிரண்டு மாத 2B-களையும் வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். 6,40,000 ரூபாயும் ஐந்து துண்டுகளாகப் பிரிந்துவிட்டது, ஒரு ரூபாய்கூட விளக்கமில்லாமல் நிற்கவில்லை. ஆனால் ஐந்தும் ஒரே இயல்புடையவை அல்ல. சிலவற்றில் சட்டம் முழுமையாக உங்கள் பக்கம் இருக்கிறது. ஒன்றில் இல்லை.

முதலில் நோட்டீஸின் இணைப்புப் பட்டியலைப் பாருங்கள். 38,60,000 ரூபாய் என்பது 3B-யின் 4(A)(5) கட்டத்தில் நீங்கள் காட்டிய தொகை மட்டுமே. அந்தக் கட்டம், பதிவு பெற்ற சப்ளையர்களிடம் செய்த வழக்கமான கொள்முதலுக்கு உரியது. இறக்குமதிக்கு 4(A)(1), வாங்குபவரே அரசுக்குக் கட்டும், ஆர்சிஎம் எனப்படும் எதிர்விதிப்பு வரிக்கு 4(A)(3) என்று தனிக் கட்டங்கள் உண்டு. வித்தியாசத்தை வரித் தலைப்புவாரியாகப் பிரித்தால், மாநிலம் தாண்டிய கொள்முதலுக்கும் இறக்குமதிக்கும் உரிய ஐஜிஎஸ்டியில் 2,70,000 ரூபாயும், மத்திய, மாநில வரிகளில் தலா 1,85,000 ரூபாயும் வருகின்றன. உங்கள் மாநிலத்துக்குள்ளேயே பெரும்பாலும் வாங்கும் நிறுவனத்துக்கு ஐஜிஎஸ்டியில் இவ்வளவு பெரிய முழுத் தொகை எப்படி வந்தது என்று தேடினேன். 2022 ஆகஸ்டில் சென்னைத் துறைமுகம் வழியாக நீங்கள் இறக்குமதி செய்த சிஎன்சி இயந்திரத்துக்குச் சுங்கத்தில் கட்டிய ஐஜிஎஸ்டி அச்சாக அதே 2,70,000 ரூபாய். உங்கள் கணக்காளர் அதை 4(A)(1)-இல் போடாமல் 4(A)(5)-இல் போட்டுவிட்டார். அதே மாத 2B-யின் இறக்குமதிப் பகுதியில் அதற்கான சுங்க ஆவணமான பில் ஆஃப் என்ட்ரி இருக்கத்தான் செய்கிறது. நோட்டீஸ் அந்தப் பகுதியைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

இதற்குப் பில் ஆஃப் என்ட்ரியையும், சுங்க வரி கட்டிய ரசீதையும், 2B-யின் இறக்குமதிப் பக்கத்தையும் இணைத்தால் போதும். அரசுக்கு இதில் ஒரு ரூபாய் இழப்பும் இல்லை, தவறான கட்டத்தில் பதிந்ததுதான் குறை. அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னான GSTR-9-இல் 6E என்ற இறக்குமதிக் கட்டத்தில் இந்தத் தொகையைச் சரியாகக் காட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். காட்டியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேருங்கள், நோட்டீஸ் வருவதற்கு முன்பே நீங்கள் வகையைச் சரியாகப் பிரித்துக் காட்டியதற்கு அது சான்று. ஜிஎஸ்டி சட்டத்தின் 16(3) பிரிவையும் மறக்கக் கூடாது. இயந்திரத்தின் விலையோடு ஐஜிஎஸ்டியையும் சேர்த்து அதற்கு வருமான வரிக் கணக்கில் தேய்மானம் எடுத்திருந்தால், இந்த வரவு கிடைக்காது. நிலைச் சொத்துப் பதிவேட்டில் இயந்திரத்தின் மதிப்பு வரி நீங்கலாகப் பதியப்பட்டிருக்கிறதா என்று ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள். அலுவலர் கேட்பதற்கு முன் நீங்கள் அறிந்திருக்க வேண்டிய விவரம் இது.

இரண்டாவது துண்டு 90,000 ரூபாய், லாரி வாடகை மேல் ஆர்சிஎம் முறையில் நீங்களே கட்டிய 5 சதவீத வரி. இதுவும் 4(A)(3)-க்குப் பதில் 4(A)(5)-இல் ஏறியிருக்கிறது. உங்கள் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் பதிவு பெறாதவை என்பதால் அவை விற்பனை ரிட்டர்னான GSTR-1 போடுவதில்லை. எனவே 2B-யில் அந்த வாடகை வரவே வராது. இங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: கட்டினீர்களா? அதே மாதங்களின் 3B-யில் 3.1(d) கட்டத்தைப் பார்த்தேன், மொத்தம் 90,000 சரியாக இருக்கிறது. ஆர்சிஎம் வரியைப் பணக் கணக்கில் இருந்து மட்டுமே கட்ட முடியும் என்பதால், மின்னணுப் பணக் கணக்கின் பற்றுப் பதிவுகளே அசைக்க முடியாத சான்று. அவற்றோடு நீங்கள் எழுதிவைத்த சுய பில்களையும் இணையுங்கள்.

மூன்றாவது துண்டு 1,30,000 ரூபாய். சென்னையிலிருந்து வந்த உருக்குக் கம்பிகளுக்கான இரண்டு பில்கள், தேதி 2022 மார்ச் 30, 31. சப்ளையர் அவற்றைத் தமது மார்ச் மாத GSTR-1-இல் ஒழுங்காகக் காட்டிவிட்டார், எனவே அவை 2022 மார்ச் மாத 2B-யில், அதாவது 2021-22 நிதியாண்டுக் கணக்கில், உட்கார்ந்திருக்கின்றன. சரக்கு உங்கள் வாயிலுக்கு வந்தது ஏப்ரல் 2-ஆம் தேதியும் 4-ஆம் தேதியும். சரக்கைப் பெற்ற பிறகுதான் வரவு எடுக்கலாம் என்று 16(2)(b) சொல்கிறது. அதன்படி ஏப்ரல் மாத 3B-யில் எடுத்தது சரியே. 2021-22 பில்களுக்கு 2022 நவம்பர் 30 வரை வரவு எடுக்க 16(4) அனுமதித்திருந்தது, அந்த 3B-யை மே மாதம் தாக்கல் செய்தபோதே நீங்கள் எடுத்துவிட்டீர்கள். ஆண்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் 3B, அந்தப் பக்கம் 2B என்று நின்றதுதான் கணினிக்குப் புரியவில்லை.

ஆனால் இந்தத் துண்டில்தான் அலுவலர் மிகக் கடுமையாகக் கேள்வி கேட்பார், அதுவும் நியாயமாகவே. இதே பில்களுக்கு 2021-22-இலும் வரவு எடுத்திருந்தால் அது இரட்டை வரவு. அந்த ஆண்டு மார்ச் மாதக் கொள்முதல் பதிவேட்டையும் 3B-யையும் சேர்த்துக் கொடுத்து, அங்கே எடுக்கவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும். அடுத்தது சரக்கு உண்மையில் வந்ததற்கான சான்று. கர்நாடகத்தைச் சேர்ந்த ஈகாம் கில் காபி டிரேடிங் வழக்கில் 2023 மார்ச் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொன்னது: பில்லும் காசோலை மூலம் பணம் கொடுத்ததும் மட்டும் போதாது, சரக்கு இடம் மாறியதற்கான விவரங்களை வரவு கேட்பவரே காட்ட வேண்டும். அது பழைய மதிப்புக்கூட்டு வரிச் சட்ட வழக்கு. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 155-ஆம் பிரிவும் நிரூபிக்கும் பொறுப்பை உங்கள் மேல்தான் வைக்கிறது, அலுவலர்கள் அந்தத் தீர்ப்பை இப்போது தவறாமல் மேற்கோள் காட்டுகிறார்கள். எனவே இ-வே பில், லாரி எண்ணுள்ள சரக்கு ரசீது, எடை மேடைச் சீட்டு, உங்கள் காவலாளியின் வாயில் பதிவேட்டில் ஏப்ரல் 2, 4 பக்கங்கள், வங்கிக் கணக்கில் பணம் போன பதிவு ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு பில்லுக்கும் பின்னால் அடுக்கிவையுங்கள். வாயில் பதிவேடு பழைய நோட்டுப் புத்தகமாக இருந்தாலும் பரவாயில்லை. கையால் அன்றன்று எழுதிய பதிவேட்டுக்கு, பிற்பாடு அச்சடித்த எக்செல் பட்டியலுக்கு இல்லாத மதிப்பு உண்டு.

இனி கடினமான இரண்டு துண்டுகள்.

நான்காவது 85,000 ரூபாய். உங்கள் அட்டைப் பெட்டி சப்ளையர் 2022 டிசம்பர் பில்களை அப்போது காட்டாமல், 2023 செப்டம்பர் மாத GSTR-1-இல்தான் காட்டியிருக்கிறார். ஆகவே அவை 2023-24-இன் 2B-யில் இருக்கின்றன. நீங்கள் வரவு எடுத்ததோ 2023 ஜனவரி 20-ஆம் தேதி, டிசம்பர் 3B-யில். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 16(2)(aa) பிரிவின்படி, சப்ளையர் காட்டி உங்களுக்குத் தெரிவிக்கப்படாத பில்லுக்கு வரவு எடுக்க முடியாது. எனவே ஜனவரியில் எடுத்தது அவசரம். ஆனால் 2022-23 பில்களுக்கான கடைசித் தேதி 2023 நவம்பர் 30. அதற்கு முன்பே, செப்டம்பர் GSTR-1 தாக்கலான அக்டோபரில், அந்த நிபந்தனை நிறைவேறிவிட்டது. வரவு உங்களுக்கு உரியதுதான், எடுத்த காலம்தான் தவறு. 2023-24-இல் இதே பில்களை இன்னொரு முறை எடுக்கவில்லை என்பதையும் பார்த்துவிட்டேன், எடுக்கவில்லை.

இதில் என் யோசனை: வரியை மறுங்கள், வட்டியை ஏற்றுக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 20 முதல் அக்டோபர் 20 வரை ஒன்பது மாதத்துக்கு 18 சதவீத வீதத்தில் 85,000 ரூபாய்க்கு 11,475 ரூபாய் வருகிறது. வட்டியைத் தானே முன்வந்து கட்டியவரின் வாதத்தை அலுவலர் பொறுமையோடு கேட்பார் என்பது என் அனுபவம். இன்னொன்றும் பாருங்கள். 50(3) பிரிவின்படி வரவை எடுத்ததற்கு மட்டும் வட்டி கிடையாது, பயன்படுத்தினால்தான் உண்டு. அந்தக் காலம் முழுவதும் உங்கள் மின்னணு வரவுக் கணக்கில் 85,000 ரூபாய்க்குக் குறையாமல் இருப்பு இருந்திருந்தால் வட்டியே இல்லை என்று 88B விதி சொல்கிறது. உங்கள் இருப்பு அதே ஜனவரியில் சுழியத்துக்கு வந்துவிட்டது, ஆகவே வட்டி உண்டு.

ஐந்தாவது 65,000 ரூபாய். லேத் வேலை செய்து தந்த ஒரு சிறு பட்டறை. அவர் அந்தப் பில்களை எந்த மாத GSTR-1-இலும் காட்டவில்லை, பிறகு அவருடைய பதிவும் ரத்தாகிவிட்டது. நீங்கள் அவருக்கு வரியோடு சேர்த்துப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். வேலை நடந்தது உண்மை. உங்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. விற்றவர் வாங்கி வைத்துக்கொண்ட வரியை வாங்கியவரிடம் மறுபடியும் கேட்பது எந்தச் சிறு தொழிலையும் நோகடிக்கும். ஆனாலும் இந்தத் துண்டைக் கட்டிவிடுங்கள் என்றே சொல்வேன்.

பலர் உங்களிடம் மூன்று ஆதாரங்களைக் காட்டுவார்கள். ஒன்று, டி.ஒய். பீத்தல் என்டர்பிரைசஸ் வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு. விற்றவரை விசாரிக்காமல் வாங்கியவரை மட்டும் பிடிப்பது தவறு என்றது அது. மற்ற இரண்டும் மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் 183, 193-ஆம் எண் சுற்றறிக்கைகள். சப்ளையரிடமிருந்தோ ஆடிட்டரிடமிருந்தோ சான்றிதழ் வாங்கித் தந்தால் வரவை ஏற்கலாம் என்று அவை சொல்கின்றன. மூன்றும் நல்ல ஆயுதங்கள், ஆனால் உங்கள் ஆண்டுக்கு உரியவை அல்ல. முதல் சுற்றறிக்கை 2017-18, 2018-19 ஆண்டுகளுக்கும், இரண்டாவது 2019 ஏப்ரல் முதல் 2021 டிசம்பர் 31 வரைக்கும் மட்டுமே. பீத்தல் தீர்ப்பும் 16(2)(aa) வருவதற்கு முந்தையது. 2022-23-க்கு அவற்றை எழுதினால், யாருடைய பதிலையோ பார்த்து எழுதியது என்று அலுவலருக்கு உடனே தெரிந்துவிடும், மற்ற நான்கு துண்டுகளின் நம்பகத்தன்மையும் அதனால் குறையும். தொகை பல லட்சமாக இருந்திருந்தால் வழக்கறிஞரிடம் போகச் சொல்லியிருப்பேன். 65,000 ரூபாய்க்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

கட்டுவதற்கும் ஒரு கெடு இருக்கிறது. 2022-23 நிதியாண்டு 73-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. நோட்டீஸ் பிறப்பித்த 30 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லை என்கிறது 73(8). அதற்குப் பிறகு உத்தரவு வந்தால் 10 சதவீதமோ 10,000 ரூபாயோ, எது அதிகமோ அது, மத்திய, மாநிலச் சட்டங்களுக்குத் தனித்தனியாக. 65,000 ரூபாய் வரிக்கு 20,000 ரூபாய் அபராதம் என்றாகிவிடும். 2026 ஜனவரி 20-ஆம் தேதி கட்டுவதாக வைத்துக்கொண்டால், 2023 ஜனவரி 20 முதல் மூன்று ஆண்டு வட்டி ஏறக்குறைய 35,100 ரூபாய். நான்காவது துண்டின் வட்டியைச் சேர்த்தால் உங்கள் கையை விட்டுப் போவது 65,000 வரியும் 46,575 வட்டியும். கேட்டிருப்பது 6,40,000 வரி, அதற்கு மேல் வட்டி, அதற்கும் மேல் 64,000 அபராதம்.

பணம் கட்டும் படிவமான DRC-03-இல் கட்டும்போது கட்டணக் காரணம் என்ற இடத்தில் தானாக முன்வந்து கட்டுவதாகத் தேர்ந்தெடுக்காமல், நோட்டீஸ் தொடர்பானது என்பதைத் தேர்ந்து, நோட்டீஸின் குறிப்பு எண்ணைப் போடுங்கள். இல்லாவிட்டால் கட்டிய பணம் இந்த நோட்டீஸோடு இணையாமல் தனியே கிடக்கும். வரியை மின்னணு வரவுக் கணக்கில் இருந்து கழிக்கலாம், வட்டியைப் பணக் கணக்கில் இருந்துதான் கட்ட வேண்டும். அந்தப் பட்டறைக்காரருக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதில் இருந்து இந்தத் தொகையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று பாருங்கள். பாக்கி இல்லை என்றால் எழுத்து மூலம் ஒரு கோரிக்கைக் கடிதமாவது அனுப்பிவையுங்கள்.

இனி பதில். உங்கள் நிறுவனத்தின் கடிதத் தாளில் நீங்களே எழுதுவதாக ஒரு வரைவு தருகிறேன். பிரிவுகளை அடுக்குவதைவிட எண்கள் கூடி வருவதே இதில் முக்கியம்.

> பெறுநர்: மாநில வரி அலுவலர் அவர்கள்.
>
> பொருள்: 2022-23 நிதியாண்டு, 29-12-2025 தேதியிட்ட DRC-01 நோட்டீஸுக்கு (குறிப்பு எண் ...) எங்கள் பதில்.
>
> ஐயா,
>
> மேற்கண்ட நோட்டீஸில் GSTR-3B-க்கும் GSTR-2B-க்கும் இடையே 6,40,000 ரூபாய் வித்தியாசம் கண்டறியப்பட்டுள்ளது. நோட்டீஸ் 3B-யின் 4(A)(5) கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளது. வித்தியாசத்தைப் பில்வாரியாகப் பிரித்து இணைப்பு 1-இல் தந்துள்ளோம். அதன் சுருக்கம் வருமாறு.
>
> அ) 2,70,000 ரூபாய்: இறக்குமதி இயந்திரத்துக்குச் சுங்கத்தில் செலுத்திய ஐஜிஎஸ்டி. 4(A)(1)-க்குப் பதில் 4(A)(5)-இல் பதியப்பட்டது. 4(A)(1)-இல் இத்தொகை எடுக்கப்படவில்லை. இயந்திரத்தின் மதிப்பு வரி நீங்கலாகவே கணக்கில் உள்ளது. (இணைப்பு 2)
>
> ஆ) 90,000 ரூபாய்: சரக்குப் போக்குவரத்துக்கு எதிர்விதிப்பு முறையில் நாங்கள் பணமாகச் செலுத்திய வரி. 3.1(d)-இல் காட்டப்பட்டுள்ளது. 4(A)(3)-இல் மறுபடியும் எடுக்கப்படவில்லை. (இணைப்பு 3)
>
> இ) 1,30,000 ரூபாய்: 2022 மார்ச் 30, 31 தேதியிட்ட பில்கள். 2022 மார்ச் மாத 2B-யில் உள்ளன. சரக்கு ஏப்ரல் 2, 4 தேதிகளில் வந்தது. 2021-22-இல் வரவு எடுக்கப்படவில்லை. 16(2)(b), 16(4) பிரிவுகளின்படி தகுதியுள்ள வரவு. சரக்கு வந்ததற்கான ஆவணங்கள் இணைப்பு 4-இல்.
>
> ஈ) 85,000 ரூபாய்: சப்ளையர் 2023 செப்டம்பர் மாத GSTR-1-இல் காட்டிய பில்கள். 16(4)-இன் கெடுவான 30-11-2023-க்கு முன்பே 16(2)(aa) நிபந்தனை நிறைவேறிவிட்டது. 2023-24-இல் மறுபடியும் எடுக்கப்படவில்லை. முன்கூட்டி எடுத்த காலத்துக்கான வட்டி 11,475 ரூபாயைச் செலுத்திவிட்டோம். வரிக் கோரிக்கையைக் கைவிட வேண்டுகிறோம். (இணைப்பு 5)
>
> உ) 65,000 ரூபாய்: சப்ளையர் காட்டாத பில்கள். இத்தொகையை ஏற்று, வரியையும் வட்டி 35,100 ரூபாயையும் DRC-03 மூலம், நோட்டீஸ் தேதியில் இருந்து 30 நாளுக்குள், செலுத்திவிட்டோம். 73(8)-இன்படி அபராதம் விதிக்க வேண்டாம் எனக் கோருகிறோம். அந்தச் சப்ளையரின் விவரங்கள் இணைப்பு 6-இல் உள்ளன, அவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்.
>
> மேற்கண்ட ஐந்தும் சேர்ந்து 6,40,000 ரூபாய். அ முதல் ஈ வரையிலான 5,75,000 ரூபாய்க்கான வரிக் கோரிக்கையைக் கைவிட வேண்டுகிறோம். இவ்விளக்கத்தை ஏற்பதில் தயக்கம் இருப்பின், உத்தரவுக்கு முன் 75(4) பிரிவின்படி நேரில் விசாரிக்க வாய்ப்பு அளிக்க வேண்டுகிறோம்.
>
> இப்படிக்கு,
> இயக்குநர்

இதை அலுவலகத்தில் தாளாகக் கொடுத்தால் மட்டும் போதாது. ஜிஎஸ்டி இணையதளத்தில், பதிலுக்கான படிவமான DRC-06 ஆகத்தான் பதிவேற்ற வேண்டும். பொதுவாக View Additional Notices/Orders என்ற பகுதியில் இந்த நோட்டீஸ் இருக்கும், அங்கிருந்தே பதில் தரலாம். நேர்முக விசாரணை வேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டும் என்று குறியுங்கள். நிறுவனம் என்பதால் டிஜிட்டல் கையொப்பம் கேட்கும், உங்களுடையது காலாவதியாகிவிட்டதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கோப்புகளுக்கு அளவு வரம்பு இருப்பதால், ஒவ்வோர் இணைப்பையும் தனிக் கோப்பாக, எண்ணும் தலைப்பும் இட்டு வையுங்கள். அத்தனை பில்களையும் ஒரே கோப்பில் ஸ்கேன் செய்து போடுவதைப் பலர் செய்கிறார்கள், அலுவலர் அதைத் திறந்து பார்ப்பதே அரிது. கடைசித் தேதி ஜனவரி 28. ஆனால் DRC-03 கட்டிய ரசீது பதிலோடு போக வேண்டும் என்பதால் 20-ஆம் தேதியே கட்டிவிட்டு, இரண்டொரு நாளில் பதிலைப் பதிவேற்றுங்கள்.

விசாரணைக்கு நீங்களே போங்கள், உங்கள் கணக்காளரையும் அழைத்துச் செல்லுங்கள். மூலப் பதிவேடுகளைக் கையோடு கொண்டுபோங்கள். இரட்டை வரவு பற்றிய கேள்வி கட்டாயம் வரும், அதற்கு 2021-22 மார்ச் பதிவேட்டையும் 2023-24 செப்டம்பர் பதிவேட்டையும் விரித்துக் காட்டினால் வேறு பேச்சு தேவைப்படாது. அலுவலர் நான்காவது துண்டை ஏற்காமல் போகக்கூடும். அப்படி DRC-07 உத்தரவு வந்தால், மூன்று மாதத்துக்குள், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை, அதாவது 8,500 ரூபாயைக் கட்டி மேல்முறையீடு செய்யலாம். அந்தத் துண்டுக்கு மேல்முறையீடு செய்வது தகும் என்றே நினைக்கிறேன்.

உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பிரைவேட் லிமிடெட் என்பதால் இயக்குநர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று பலர் நம்புகிறார்கள், ஜிஎஸ்டியில் அது சரியல்ல. 89-ஆம் பிரிவின்படி, நிறுவனத்திடமிருந்து வசூலிக்க முடியாத வரி, வட்டி, அபராதத்துக்கு அந்தக் காலத்தில் இயக்குநர்களாக இருந்தவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. வசூலாகாமல் போனதற்குத் தமது பெரும் அலட்சியமோ, முறைகேடோ, கடமை தவறியதோ காரணமல்ல என்று இயக்குநர் நிரூபித்தால் விடுபடலாம். 2022-23-இல் உங்கள் தம்பியும் இயக்குநராக இருந்திருந்தால் அவருக்கும் இது பொருந்தும். ஆனால் இந்தப் பிரிவு நிறுவனத்திடம் வசூல் தோற்ற பிறகுதான் வருகிறது. நோட்டீஸ் கட்டத்தில் யாரும் உங்கள் வீட்டைத் தொட முடியாது. நோட்டீஸைக் கவனிக்காமல் விட்டு, பதிலே தராமல் உத்தரவு வந்து, நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் போவதுதான் இயக்குநரின் கதவுக்குத் தொல்லையைக் கொண்டுவரும் வழக்கமான பாதை. பதிலின் கையெழுத்திட்ட நகல், DRC-03 ரசீது, DRC-06 ஒப்புகை எண் ஆகிய மூன்றையும் நிறுவனத்தின் கோப்பில் மட்டுமல்லாமல் உங்கள் சொந்தக் கோப்பிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.